பெண்ணுக்கும் தலசீமியா மைனர், மாப்பிள்ளைக்கும் தலசீமியா மைனர்

தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களும் பெயர்களும் கற்பனை. ரிப்போர்ட்டில் வரும் எண்கள் மட்டும் நிஜத்தில் எப்படி இருக்குமோ அப்படியே.

மலருக்கு 24 வயது. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சொந்த அத்தை மகன் கதிரோடு நிச்சயம் முடிந்துவிட்டது, தையில் கல்யாணம். பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு 'ரத்தம் கம்மி'. எந்த டாக்டரிடம் போனாலும் இரும்புச்சத்து மாத்திரைதான். வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கும் சுவரொட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் ரத்ததான முகாமுக்குப் போனபோதும் ஹீமோகுளோபின் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குள் கொஞ்சம் 'ரத்தம் ஏற' ஊசி ஏதாவது போடலாமா என்று கேட்கத்தான் அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த டாக்டர் ஊசி எழுதவில்லை. "பழைய ரிப்போர்ட் ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். பீரோவில் பிளாஸ்டிக் கவரில் இருந்த மூன்று தாள்கள் அடுத்த நாள் வந்தன. பதினைந்து வயதில் எடுத்தது, இருபதில் எடுத்தது, போன வருடம் எடுத்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 10.1, 10.6, 10.4. இதுதான் முதல் தடயம். இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரு மாதத்திலேயே ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், குறை இரும்பில் இல்லாமல் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டாவது தடயம் அதே தாளில் நாலு வரி தள்ளி இருந்தது. முழு ரத்த எண்ணிக்கை டெஸ்டில் நாம் எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறோம். அதற்குக் கீழே சிவப்பணுக்களின் எண்ணிக்கை இருக்கும், அதற்கும் கீழே எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும். எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை இருப்பது இயல்பு. மலருக்கு அது 62. அணுக்கள் ரொம்பச் சின்னதாக இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருக்கிறது: 5.6, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 56 லட்சம். பெண்களுக்குப் பொதுவாக 38 முதல் 48 லட்சம் வரைதான் இருக்கும்.

சோகை உள்ள பெண்ணுக்குச் சிவப்பணு எப்படி அதிகமாக இருக்கும்? இதைப் புரிந்துகொண்டால் தலசீமியா மைனர் பாதி புரிந்துவிடும்.

சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் நாலு புரதச் சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலியைச் செய்யும் மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதாக இருந்தால் இன்னொன்று வேலையைச் சமாளித்துவிடும், ஆனால் முழுதாக அல்ல. ஒவ்வொரு அணுவுக்கும் கிடைக்கும் ஹீமோகுளோபின் குறைகிறது, அணு சிறுத்துப்போகிறது. அதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை அதிக எண்ணிக்கையில் அணுக்களைச் செய்து அனுப்புகிறது. இதுதான் பீட்டா தலசீமியா மைனர். தலசீமியா கேரியர் என்று சொல்வதும் இதைத்தான். இப்படி இருப்பவர் லேசான சோகையோடு சாதாரணமாக வாழ்ந்துவிடுவார். வயதாக ஆக முற்றி, தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோயாக மாறுவதும் கிடையாது.

இரும்புக் குறைவில் நடப்பது வேறு. அங்கே கச்சாப் பொருளே இல்லை, அதனால் அணுவும் சிறுக்கிறது, எண்ணிக்கையும் குறைகிறது. டாக்டர்கள் இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவார்கள். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மலருக்கு 62-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம். அதே 10.4 ஹீமோகுளோபினோடு, வெறும் இரும்புக் குறைவு உள்ள வேறொரு பெண்ணுக்கு எம்.சி.வி. 78, எண்ணிக்கை 4.2 என்று இருந்தால் விடை 18-க்கு மேல் போகும். இந்தக் கணக்கு சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

முடிவு சொல்வது எச்.பி.எல்.சி. என்ற டெஸ்ட். ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும், வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்று அது பிரித்துக் காட்டும். ஹீமோகுளோபின் ஏ2 என்று ஒரு வகை எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும். அதற்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை என்பதால், பீட்டா குறைந்தவர்களிடம் அதன் பங்கு கூடிவிடுகிறது. பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மைனர். மலருக்கு 5.4 வந்தது.

இதோடு ஃபெரிட்டின் பார்த்ததில் உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தது தெரிந்தது. ஒன்பது வருட மாத்திரைக்குத் தேவையே இருக்கவில்லை. மைனர் உள்ளவர்களுக்கும் தனியாக இரும்புக் குறைவு வரலாம், அப்போது மாத்திரை வேண்டும்தான். ஆனால் ஃபெரிட்டின் பார்க்காமல் வருடக்கணக்கில் விழுங்கக் கூடாது.

மலரின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது என் வழியா வந்ததா, அவங்க வழியா வந்ததா?" சாதாரணக் குடும்பத்தில் இந்தக் கேள்வி வீண் சண்டைக்குத்தான் உதவும். இங்கே அது உண்மையிலேயே முக்கியம், ஏனென்றால் மாப்பிள்ளை அப்பாவின் அக்கா மகன். டாக்டர் அம்மா, அப்பா இருவருக்கும் டெஸ்ட் எழுதினார். அம்மாவுக்கு எல்லாம் இயல்பு. அப்பாவுக்கு ஏ2 5.2. ஐம்பது வயது வரை ஏர் ஓட்டி, மரவள்ளி மூட்டை தூக்கி, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்காத மனிதர்.

அங்கிருந்து கணக்கைத் தொடரலாம். அப்பாவிடம் இருந்தால் அது தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். அப்பாவின் கூடப்பிறந்த அத்தைக்கும் அதே பெற்றோர். எனவே அவரிடமும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தையிடம் இருந்தால் கதிருக்கு வந்திருக்க மறுபடி இரண்டில் ஒன்று. ஆகக் கதிருக்கு நாலில் ஒன்று, 25 சதவீதம். இந்தியாவில் பொதுவாக நூறு பேரில் மூன்று நாலு பேர்தான் தலசீமியா கேரியர்கள் என்று சொல்லப்படுகிறது. முன்பின் தெரியாத மாப்பிள்ளையாக இருந்தால் அந்த மூன்று நாலுதான் கணக்கு. அத்தை மகன் என்றதும் அது 25 ஆகிவிட்டது. சொந்தத்தில் கட்டுவது இந்தப் பழுதை உண்டாக்குவதில்லை. ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "உம் பொண்ணுக்குக் குறைன்னா எம் பையனை ஏண்டா தம்பி டெஸ்ட்டுக்கு இழுக்கற?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, நிச்சயம் முடிந்த பிறகு இப்படி ஒரு பேச்சு எடுத்தால் ஊர் என்ன அர்த்தம் பண்ணும் என்று எல்லோருக்கும் தெரியும். "அக்கா, எனக்கும் இருக்குதுன்னு வந்திருக்குது. நமக்கு ஒரே அப்பா அம்மாதானே" என்று மலரின் அப்பா தன் ரிப்போர்ட்டை நீட்டினார். அதற்கு அத்தையிடம் பதில் இல்லை. பெண்ணின் ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"எல்லாம் பொருத்தம் பார்த்தாச்சு, ரத்த குரூப்பும் பார்த்தாச்சு, ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்றார் வீட்டில் ஒரு பெரியப்பா. பலரும் நம்புவது இதைத்தான். ரத்த குரூப்புக்கும் தலசீமியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்த குரூப்பிலும் இருக்கலாம். குரூப் டெஸ்டில் தெரியவே தெரியாது.

கதிர் ஓசூரில் வேலை முடிந்து வரும் வழியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அவனுடைய ஹீமோகுளோபின் 12.9. ஆண்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதைப் பார்த்து யாரும் டாக்டரிடம் அனுப்ப மாட்டார்கள். சிவப்பணு 63 லட்சம், எம்.சி.வி. 65, ஏ2 5.1. அவனும் மைனர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் மைனர் என்று தெரிந்ததும் துணைக்கு வெறும் முழு ரத்த எண்ணிக்கை பார்த்து, எம்.சி.வி. இயல்பு என்று விட்டுவிடுவது உண்டு. அது போதாது. அரிவாள் செல் என்ற இன்னொரு ஹீமோகுளோபின் பழுதின் கேரியருக்கு எம்.சி.வி. இயல்பாகவே இருக்கும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அது காணப்படுகிறது. ஒரு பக்கம் தலசீமியா, மறுபக்கம் அரிவாள் செல் என்று சேர்ந்தாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். அதனால் துணைக்கும் எச்.பி.எல்.சி. எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு வீட்டாரும் ஒரே அறையில் உட்கார்ந்து டாக்டரிடம் கேட்டது அடுத்த வாரம். பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆகும்?

மலரிடம் ஒரு நல்ல மரபணு, ஒரு பழுது. கதிரிடமும் அப்படியே. ஒவ்வொரு கருவிலும் இருவரும் தலா ஒன்றைக் கொடுக்கிறார்கள். எதைக் கொடுப்பார்கள் என்பது பூவா தலையா போடுவது மாதிரி. இரண்டும் நல்லதாக விழ நாலில் ஒன்று, ஒன்று நல்லது ஒன்று பழுது என்று அம்மா அப்பா மாதிரியே மைனராகப் பிறக்க நாலில் இரண்டு, இரண்டும் பழுதாக விழ நாலில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுதான் தலசீமியா மேஜர். "அப்போ நாலு குழந்தை பெத்தாத்தானே ஒண்ணுக்கு வரும், நாங்க ரெண்டோட நிறுத்திக்கிறோம்" என்று அத்தை சொன்னார். கணக்கு அப்படி வேலை செய்யாது. முதல் குழந்தைக்கு என்ன விழுந்தது என்று இரண்டாவதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நாலில் ஒன்று. இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்காவது மேஜர் வர வாய்ப்பு 16-க்கு 7, கிட்டத்தட்ட 44 சதவீதம்.

மேஜராகப் பிறக்கும் குழந்தை பிறந்தபோது நன்றாகத்தான் இருக்கும். கருவில் ஓடும் ஹீமோகுளோபினுக்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை. பிறந்த பிறகு சில மாதங்களில் உடம்பு பீட்டாவுக்கு மாற வேண்டிய நேரத்தில்தான் செய்ய ஆளில்லை என்று தெரியவரும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் குழந்தை வெளுக்கும், பால் குடிக்காது, மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். அதற்குப் பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு வருகிறது. நம் உடம்புக்கோ அதை வெளியேற்ற வழி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் தானாகப் போகும். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது. அதை வெளியே இழுக்க டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரைகளைத் தினமும் சாப்பிட வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுத்து, பாதுகாப்பான ரத்தம் தவறாமல் கிடைக்கிற பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் பண்ணிக்கொள்கிறார்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் முழுதாகக் குணமாக்க முடியும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே தலசீமியாவுக்கு அதைச் செய்தார்கள். ஆனால் பொருந்தும் கொடையாளர் வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான்.

"அப்போ கல்யாணத்தை நிறுத்திடறதுதான் வழியா டாக்டர்?" என்று மலரின் அப்பா கேட்டார். டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவர் வேலையும் இல்லை. இந்தக் கல்யாணத்தைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் எதுவும் கிடையாது. பிரிந்து, டெஸ்டில் இயல்பு என்று வந்த வேறொருவரைக் கட்டினால் குழந்தைக்கு பீட்டா தலசீமியா மேஜர் வரும் பயம் இல்லை. பாதி வாய்ப்பில் மைனராகப் பிறக்கலாம், அவ்வளவே. சேர்ந்து வாழ்வதென்றால் ஒவ்வொரு கருவையும் டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். அல்லது வெளியே கருவாக்கி, பழுது இல்லாத கருவைத் தேர்ந்து வைக்கும் சிகிச்சை இருக்கிறது. அது செலவும் அலைச்சலும் அதிகம், ஒரே தடவையில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. தத்தெடுப்பதும் ஒரு வழி.

பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்க, மலர்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். "நாங்க கட்டிக்கிட்டா எப்ப என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

இந்த இடத்தில்தான் முன்கூட்டியே தெரிவது உதவுகிறது. கருவில் இருக்கும் குழந்தையை டெஸ்ட் செய்ய, 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்று வழியாக மெல்லிய ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியிலிருந்து துணுக்கு எடுக்கிறார்கள். கருக்கலையும் அபாயம் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஆனால் அந்தத் துணுக்கில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பீட்டா மரபணு பழுதாவதற்கு நூற்றுக்கணக்கான விதங்கள் உண்டு. அம்மாவிடமும் அப்பாவிடமும் இருக்கும் பழுது எது என்று டி.என்.ஏ. டெஸ்ட் செய்து கண்டுபிடிக்கவே சில வாரம் பிடிக்கும்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். கர்ப்பமான பெண் முதல் செக்கப்புக்கு வருவதே பத்தாவது வாரத்தில். ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்பு கொடுத்து ஒரு மாதம் காத்திருப்பார்கள். ஏறவில்லை என்றதும் எச்.பி.எல்.சி., பிறகு கணவருக்கு, பிறகு இருவருக்கும் டி.என்.ஏ. அதற்குள் இருபது வாரம் நெருங்கிவிடும். 16 வாரத்துக்குமேல் பனிக்குட நீரில் அதே டெஸ்டைச் செய்யலாம்தான், ஆனால் முடிவு வரும்போது யோசிக்க நாளே மிச்சம் இருக்காது. மேஜர் என்று தெரிந்து கருவைக் கலைக்க முடிவெடுத்தால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு சட்டப்படி செய்யலாம். 20 முதல் 24 வாரம் வரை என்றால் 2021 திருத்தச் சட்டப்படி இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும், அதற்கும் மேல் போனால் மருத்துவக் குழுவிடம் போய் நிற்க வேண்டிவரும். பெண்ணின் உடம்புக்கும் மனசுக்கும் 13 வாரமும் 21 வாரமும் ஒன்றல்ல.

மலருக்கும் கதிருக்கும் டி.என்.ஏ. டெஸ்ட் கல்யாணத்துக்கு முன்பே முடிந்தது. இருவரிடமும் இருந்தது ஐ.வி.எஸ். 1-5 என்ற ஒரே பழுது. இந்தியாவில் அதிகம் காணப்படுவது அதுதான். ஒரே தாத்தா பாட்டி வழி வந்திருப்பதால் வேறாக இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டும் சேர்ந்தால் பொதுவாக மேஜர்தான் என்பதால் பலன் சொல்வதிலும் பெரிய குழப்பம் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: நாள் தள்ளினால் பத்து வாரம் காத்திருக்காமல் அந்த வாரமே வர வேண்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை முன்பே ஆரம்பிக்க வேண்டும். இரும்பு மாத்திரை ஃபெரிட்டினைப் பார்த்துத்தான். இரண்டு பேரின் டி.என்.ஏ. ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் இருக்க வேண்டும், அவளுடைய ஃபைலில் அவனுடையதும்.

கல்யாணம் தையில் நடக்கவில்லை. இருவரும் தனியாகப் பேசிக்கொள்ள மூன்று மாதம் வேண்டும் என்று மலர் கேட்டாள், அத்தையே அதற்கு ஒத்துக்கொண்டார். சித்திரையில் கட்டிக்கொண்டார்கள். குழந்தை மேஜர் என்று டெஸ்டில் வந்தால் என்ன செய்வது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். என்ன முடிவு என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை.

மிச்சம் இருந்தது மலரின் தங்கை. வயது 19, அவளுக்கும் ரத்தம் கம்மி. அப்பாவிடமிருந்து பழுது வந்திருக்க அவளுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. அவளுடைய ஏ2 3.4 என்று வந்ததும் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். டாக்டர் விடவில்லை. அவளுக்கு எம்.சி.வி. 61, ஃபெரிட்டின் வெறும் 6. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். கடுமையான இரும்புக் குறைவு இருக்கும்போது ஏ2 அளவு கீழே இறங்கிவிடும், மைனர் இருந்தாலும் இயல்பு மாதிரி தெரியும். மூன்று மாதம் இரும்பு கொடுத்து, ஃபெரிட்டின் ஏறிய பிறகு மறுபடி எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.2-லிருந்து 10.7-க்கு வந்து நின்றுவிட்டது. எம்.சி.வி. 66-ஐத் தாண்டவில்லை. ஏ2 4.7.